முழங்காலுக்குக் கீழே நசுங்கும் நரம்பு

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின இரவு. மதுரைப் பக்கம் பூக்கட்டும் தொழில் செய்கிற 45 வயதுக்காரர் ஒருவர் இரவு 8 மணிக்குச் சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விடிவதற்குள் மாலைகள் மண்டபத்துக்குப் போயாக வேண்டும். நடுவில் ஒருமுறை டீ குடித்தார், அதுவும் உட்கார்ந்தபடியே. எழுந்தபோது அதிகாலை 3.30. வலது கால் மரத்திருந்தது. அது தினமும் நடப்பதுதானே என்று தொடையைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நிலைப்படியில் கட்டைவிரல் இடறியது. நாலு எட்டு வைத்ததும் செருப்பு காலைவிட்டுக் கழன்று பின்னால் கிடந்தது. மாட்டிக்கொண்டு நடந்தார், மறுபடியும் கழன்றது.

மரத்த கால் கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துவதுபோல் குறுகுறுத்துச் சரியாகிவிடும். அன்றைக்கு அது நடக்கவில்லை. விடிந்து பார்த்தபோதும் பாதம் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. வலி துளியும் இல்லை. வீட்டில் எல்லோர் வாயிலும் வந்த வார்த்தை பக்கவாதம்.

இது ஒரே ஆளின் கதை அல்ல. இந்தக் கோளாறோடு வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்பவற்றைச் சேர்த்து, விளக்குவதற்காக ஒருவரின் கதையாக இங்கே தருகிறேன். பீடி சுற்றுகிறவர், நகைப் பட்டறையில் குனிந்து உட்காருகிறவர், வயலில் குத்தவைத்துக் களை எடுக்கிறவர், கச்சேரி மேடையில் நெடுநேரம் உட்காருகிறவர் என்று யாரை வைத்தும் இதைச் சொல்லலாம்.

அவரை முதலில் அழைத்துப் போன இடத்தில் முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார்கள். இடுப்புப் பகுதியில் ஒரு ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. நாற்பதைத் தாண்டியவர்களில், முதுகுவலியே இல்லாதவர்களுக்கும் எம்.ஆர்.ஐ.யில் இப்படிப் பிதுக்கம் தெரிவது சகஜம். ஆனால் அறிக்கை கையில் இருக்கும்போது அதை நம்பாமல் இருப்பது கஷ்டம். ‘டிஸ்க் நரம்பை அழுத்துது’ என்று முடிவாகி, பத்து நாள் படுக்கையும் பெல்ட்டும் எழுதிக் கொடுக்கப்பட்டன. கோளாறு இருந்தது இடுப்பில் அல்ல. முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே, காலின் வெளிப்பக்கத்தில்.

உங்கள் காலிலேயே அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்குங்கள். முழங்காலின் வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு எலும்புக் குமிழ் கையில் தட்டுப்படும். கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக ஓடும் ஒல்லியான எலும்பான ஃபிபுலாவின் தலை அது. அந்தக் குமிழுக்குக் கீழே எலும்பு சற்றுக் குறுகும். அதுதான் அதன் கழுத்து. முழங்காலுக்குப் பின்னாலிருந்து வரும் பெரோனியல் நரம்பு அந்தக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு காலின் முன்பக்கத்துக்கு வருகிறது. உடம்பின் பெரிய நரம்புகள் பெரும்பாலும் சதைக்குள் ஒளிந்துதான் ஓடுகின்றன. இந்த நரம்புக்கு இந்த இடத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அடியில் எலும்பு, மேலே தோலும் மெல்லிய கொழுப்பும் மட்டுமே. ஒல்லியானவர்களுக்கு அந்த இடத்தில் விரலை வைத்து உருட்டினால் நரம்பே தட்டுப்படும். அழுத்தினால் பாதத்தின் மேல்புறம் வரைக்கும் சுரீர் என்று ஓடும்.

கழுத்தைத் தாண்டியதும் நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கணுக்காலையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்குப் போகிறது. இன்னொன்று பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பும் தசைகளுக்குப் போகிறது. பாதத்தின் மேல்தோலில் தொடு உணர்வு கொடுப்பதும் இந்த இரண்டு கிளைகள்தான். ஆகவே பிரிவதற்கு முன்னால் நரம்பு நசுங்கினால் மூன்று காரியங்கள் ஒன்றாகப் போகும்: பாதம் மேலே எழும்பாது, வெளிப்பக்கம் திரும்பாது, மேல்பாதம் மரத்திருக்கும்.

நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் நாம் நம்மை அறியாமல் முன்பாதத்தைக் கொஞ்சம் தூக்குகிறோம். அது நின்றுபோனால் விரல் நுனி தரையை உரசும். செருப்பு கழன்றுவிழும். செருப்பு கழலாத தரையில் நடப்பவரைக் கவனித்தால், தேங்கிய தண்ணீரில் நடக்கிறவர்போல முழங்காலை வழக்கத்துக்கு மேல் உயர்த்துவது தெரியும். காலை வைக்கும்போது குதிகாலுக்குப் பின்னே முன்பாதம் ‘பட்’டென்று தரையில் அடிக்கும். பக்கத்து அறையிலிருந்தே கேட்கிற சத்தம் அது. பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்தால் முன்நுனி மட்டும் தேய்ந்திருக்கும்.

சம்மணம் எப்படி அதை நசுக்குகிறது? உட்காரும்போது மடக்கிய முழங்கால்கள் வெளிப்பக்கமாகச் சாய்கின்றன. கெண்டைக்காலின் வெளிப்பக்கம் தரையிலோ மற்றக் காலின் மேலோ அழுந்துகிறது. எலும்புக்கும் தரைக்கும் இடையில் அந்த நரம்பு மாட்டிக்கொள்கிறது. முழங்கால் மடங்கியிருப்பதால் நரம்பு கொஞ்சம் இழுபட்டும் இருக்கிறது. குத்தவைத்து உட்கார்ந்தால் அழுத்தம் வேறு விதமாக வருகிறது. மடங்கிய முழங்காலுக்குப் பின்னால் தசைநாணும் கெண்டைச் சதையும் எலும்பும் சேர்ந்து நரம்பை நெருக்குகின்றன. மேற்கத்திய நாடுகளில் ஸ்ட்ராபெரி பறிக்கிற கூலிகளுக்கு இதே கோளாறு வந்ததால் அவர்கள் பெயராலேயே அது அழைக்கப்பட்டது. நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காரும்போதும், மேலே இருக்கும் காலின் இந்த இடம்தான் கீழே இருக்கும் முழங்காலில் அழுந்துகிறது. தரையை விட்டு நாற்காலிக்குப் போனவர்கள் எல்லோரும் தப்பித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

1971-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கல்லூரி மாணவனின் கதை வெளியானது. அவன் உலக அமைதிக்காக மந்திரம் சொல்லியபடி தினமும் பல மணி நேரம் வஜ்ராசனத்தில், அதாவது குதிகால்மேல் உட்கார்ந்திருந்தான். பிறகு நடக்கவும் படியேறவும் சிரமப்பட்டான். ஆசனத்தை நிறுத்தியதும் தேறினான். ‘யோகா ஃபுட் டிராப்’ என்று அந்தக் கட்டுரை பேர் வைத்தது. யோகா பாவம், அதன் மேல் பழி போட வேண்டியதில்லை. வில்லங்கம் நேரத்தில் இருந்தது.

கோடிக்கணக்கானவர்கள் காலமெல்லாம் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள், அவர்களுக்கு ஏன் இது வருவதில்லை என்று யாரும் கேட்பார்கள். கால் மரத்துப்போகும்போது பெரும்பாலானவர்கள் தன்னால் காலை மாற்றிக்கொள்கிறார்கள், அல்லது எழுந்துவிடுகிறார்கள். மரத்துப்போவது நரம்புக்கு அந்த அழுத்தத்தில் ரத்த ஓட்டம் குறைவதைச் சொல்லும் எச்சரிக்கை. எழுந்ததும் ரத்தம் வந்து, நிமிடங்களில் நரம்பு தேறும். வேலை மும்முரத்தில் எச்சரிக்கையைக் கவனிக்காமல் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டால் நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை அந்த இடத்தில் நசுங்கிச் சிதைகிறது. மேலிருந்து வரும் உத்தரவு அங்கேயே நின்றுவிடும். குடித்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கும், மயக்கத்தில் கிடக்கும் நோயாளிகளுக்கும் இது அதிகம் வருவதற்கும் காரணம் இதுதான். அவர்கள் காலை நகர்த்தமாட்டார்கள்.

நம் பூக்கட்டுகிறவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாலு மாதத்துக்கு முன்தான் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்திருந்தது. அதற்குள் 12 கிலோ இளைத்திருந்தார். நரம்பைச் சுற்றியிருந்த கொஞ்சநஞ்சக் கொழுப்பும் கரைந்துபோனால், அதே சம்மணம் இப்போது கூடுதலாக அழுத்தும். வேகமாக எடை குறைகிறவர்களுக்கு, டயட்டில் இருப்பவர்கள் உட்பட, இது நன்றாக அறியப்பட்ட ஆபத்து. நீடித்த சர்க்கரை நரம்பைத் தன் பங்குக்கு நலிவாக்கியும் வைக்கிறது. பரம்பரையாக நரம்பு உறை மென்மையாக இருக்கும் சில குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குச் சின்ன அழுத்தத்திலேயே கை, கால் என்று மாறிமாறி விழும். ‘எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் மருத்துவர் காது கொடுத்துக் கேட்பார்.

இரண்டாவதாகப் போன மருத்துவர் எம்.ஆர்.ஐ.யைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தார். “பாதத்த மேல தூக்குங்கண்ணே” என்றார். வரவில்லை. “வெளிப்பக்கமாத் திருப்புங்க.” சற்றே அசைந்தது. “இப்ப உள்பக்கமாத் திருப்புங்க, நான் தடுக்கிறேன்.” அவர் கையால் தடுத்தும் பாதம் முழு பலத்தோடு உள்ளே திரும்பியது.

இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஆனால் இதில்தான் விடை இருக்கிறது. பாதத்தை உள்ளே திருப்பும் தசைக்கு உத்தரவு வருவது முழங்காலின் பின்பக்கமாகக் கீழே இறங்கும் டிபியல் நரம்பு வழியாக. அது ஃபிபுலாவின் பக்கமே போவதில்லை. ஆனால் அந்தத் தசைக்கும், பாதத்தைத் தூக்கும் தசைக்கும் இடுப்பில் ஒரே வேர்தான் பெரும்பங்கு கொடுக்கிறது. ஜவ்வு பிதுங்கி இடுப்பில் அந்த வேரை நசுக்கியிருந்தால் இரண்டும் சேர்ந்தே பலவீனப்படும். தொடையைப் பக்கவாட்டில் விரிக்கும் இடுப்புத் தசையும் சேர்ந்து பலமிழக்கும். பெரும்பாலும் முதுகிலிருந்து காலுக்கு இழுக்கும் வலியும் இருக்கும். பூக்கட்டுகிறவருக்கு உள்ளே திருப்பும் பலம் முழுசாக இருந்தது. வலி இல்லை. கணுக்காலின் பின்பக்கத்தில் சுத்தியலால் தட்டியபோது பாதம் சாதாரணமாகத் துள்ளியது. குமிழுக்குக் கீழே விரலால் தட்டியபோது மேல்பாதத்தில் சுரீர் என்றது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சால் தொட்டால் தெரியவே இல்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கை உறைக்குள்ளேயே இருந்தது.

பிறகுதான் என்.சி.வி. என்கிற நரம்புக் கடத்தல் சோதனை. பாதத்தின் மேல்புறம் கணுக்காலுக்கு முன்னால் ஒரு சின்னத் தசை இருக்கிறது. அதன்மேல் மின்முனை ஒட்டி, நரம்பை மூன்று இடத்தில் சின்ன மின்துடிப்பால் தட்டுவார்கள்: கணுக்காலில், குமிழுக்குக் கீழே, முழங்காலுக்குப் பின்னே. கணுக்காலிலும் குமிழுக்குக் கீழேயும் தட்டியபோது தசை நன்றாகத் துள்ளியது. முழங்காலுக்குப் பின்னே தட்டியபோது துள்ளல் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆகக் குமிழுக்குக் கீழே இருந்து பாதம் வரைக்கும் நரம்பு உயிரோடு இருக்கிறது. அதைத் தாண்டும் அந்தச் சில சென்டிமீட்டரில் மட்டும்தான் செய்தி தடைபடுகிறது. இறுக்கமான ஷூ போட்டே பழகியவர்களுக்குப் பாதத்தின் அந்தச் சின்னத் தசை முன்பே வற்றியிருக்கலாம். அப்போது கெண்டைக்காலின் முன்பக்கத் தசையிலிருந்தும் பதிவு எடுப்பது நல்லது.

சோதனையை எப்போது செய்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. நரம்பு இழையே அறுந்திருந்தால்கூட, முதல் சில நாள் அறுந்த துண்டு தன் பங்குக்குச் செய்தி கடத்திக்கொண்டே இருக்கும். அதனால் முதல் வாரத்தில் எடுக்கும் சோதனையில் உறை மட்டும் நசுங்கியதா, இழையும் செத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து ஊசி வைத்துப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனைதான் அதைச் சொல்லும். நோயாளிக்கு இது ஏன் முக்கியம் என்றால், உறை மட்டும் நசுங்கியிருந்தால் உடம்பு அதைத் தானே கட்டிக்கொள்ளும். சில வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் பாதம் எழும்பும். இழை செத்திருந்தால் அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் புதிதாக வளர்ந்து தசையைச் சேர வேண்டும். குமிழிலிருந்து கெண்டைக்காலின் முன்பக்கத் தசைக்கே மூன்று நான்கு மாதம். பாதத்தின் விரல் தசைக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

நம்மவருக்கு உறை மட்டும்தான். சிகிச்சை என்று பெரிதாக எதுவும் இல்லை. சம்மணமும் கால்மேல் காலும் முழுசாக நிறுத்தப்பட்டன. தடித்த அட்டைபோல் கெண்டைக்கு அடியிலிருந்து பாதத்துக்குக் கீழே வரும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டு நடந்தால் முன்பாதம் தொங்காது, இடறி விழவும் மாட்டார். தாங்கிக்குப் பின்பட்டி உள்ள செருப்புதான் சரி. ரப்பர் செருப்பு கழன்றுகொண்டே இருக்கும். ஒரு துண்டைப் பாதத்துக்குக் கீழே போட்டு இரண்டு கையாலும் தன்னை நோக்கி இழுத்து அரை நிமிடம் பிடிப்பதை ஒரு நாளைக்குப் பலமுறை செய்தார். தொங்கும் பாதத்தைச் சும்மா விட்டால் பின்பக்கக் குதிகால் நாண் சுருங்கிவிடும். நரம்பு தேறினாலும் பாதம் எழும்பாது. எல்லாம் வந்தும் நாண் சுருங்கியதால் நடக்க முடியாமல் தவிப்பதுதான் இதில் நடக்கும் வீண் இழப்பு.

நரம்பு ஊசி, மல்டி விட்டமின் மாத்திரை விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பி12 குறைவாக இருந்தால் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். குறைவில்லாதவருக்கு நசுங்கிய நரம்பை அது வேகமாக வளர்க்காது. அதைவிட மோசமானது, நரம்பைத் தட்டி எழுப்புவதாகச் சொல்லிக் குமிழை அழுத்தித் தேய்த்து எண்ணெய் விடுவது. எந்த இடத்தில் அழுத்தம் கூடாதோ அங்கேயே அழுத்துகிறார்கள். சர்க்கரையை அடக்குவது இந்த இடத்தில் எண்ணெயைவிடப் பயன் தரும்.

ஐந்தாவது வாரத்தில் கணுக்கால் தானாக மேலே எழுந்தது. ஆனால் கையால் தடுத்தால் நிற்கவில்லை. பத்தாவது வாரத்தில் தாங்கியைக் கழற்றிவிட்டு நடந்தார். கட்டைவிரல் கடைசியாக வந்தது. மேல்பாதத்தில் ஒரு திட்டு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் மந்தமாக இருந்தது.

இவர் கதை நன்றாக முடிந்தது என்பதற்காக, தொங்கும் பாதம் எல்லாம் சம்மணத்தால்தான் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. பாதத்தோடு கை, முகம், பேச்சு எதிலாவது மாற்றம் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், நேரத்தோடு ஓட வேண்டும். இரண்டு காலும் பலவீனமாகி, சிறுநீர் கட்டுப்பாடு போய், தொடை இடுக்கில் உணர்வு மந்தமானால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. நெடுநேரம் அழுந்தியிருந்த கெண்டைக்கால் கல்லாக இறுகி, தாங்க முடியாமல் வலித்தால் சதைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும், மணிக்கணக்கில் சதையே போய்விடும். இவை இல்லாமல், காரணமே தெரியாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் பாதம் பலவீனப்பட்டால், முழங்கால் மூட்டிலிருந்து கிளம்பும் நீர்க்கட்டி ஒன்று நரம்பை அழுத்துகிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

நம் ஊரில் மறக்கக் கூடாத ஒன்று தொழுநோய். அந்தக் கிருமிக்கு மிகவும் பிடித்த நரம்புகளில் இந்தப் பெரோனியல் நரம்பும் ஒன்று. குமிழுக்குக் கீழே நரம்பு பருத்துத் தட்டுப்பட்டால், உடம்பில் உணர்வில்லாத வெளிர்ந்த திட்டு எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். மாத்திரைகளால் குணமாகும் நோய் அது. நரம்பு சாவதற்குள் கண்டுபிடித்தால் பாதமும் தப்பும்.

உட்காருகிறவர்கள் என்ன செய்யலாம்? உட்கார்ந்து செய்கிற தொழிலை விடு என்று சொல்வது எளிது, சோறு போடுவது யார்? அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடப்பதும், மடக்கும் காலை மாற்றிக்கொள்வதும், கெண்டையின் வெளிப்பக்கம் தரையில் படும் இடத்தில் தடித்த மெத்தை ஒன்றைப் போட்டுக்கொள்வதும் போதும். ஜமக்காளம் கணக்கில் சேராது, மெல்லியது. கால் மரத்தால் அந்த நிமிடமே எழ வேண்டும், இந்தச் சரத்தை முடித்துவிட்டு என்பது கிடையாது. சமீபத்தில் இளைத்தவர்களும் சர்க்கரைக்காரர்களும் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மூன்று நான்கு மாதமாகியும் தசை துளியும் அசையவில்லை, சோதனையிலும் நரம்பு வளரும் அறிகுறி இல்லை என்றால், நரம்பின்மேல் இறுக்கியிருக்கும் பட்டையை வெட்டி விடுவிக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். அதுவும் பலன் தராமல் பாதம் நிரந்தரமாகத் தொங்கினால் இன்னொரு வழி இருக்கிறது. பாதத்தை உள்ளே திருப்பும் அந்தத் தசை பலமாகத்தானே இருக்கிறது, அதன் நாணை அடியிலிருந்து கழற்றி, முன்பக்கம் கொண்டுவந்து பாதத்தின் மேல்புறத்தில் பொருத்துவார்கள். பால் பிராண்ட் 1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு இப்படித் தசைநாண் மாற்றிப் பொருத்தும் வேலையைத் தொடங்கினார். தொழுநோயில் தொங்கிய பாதங்களுக்கும் நம் நாட்டில் இந்த முறை பல பேருக்குச் செய்யப்பட்டிருக்கிறது. சில வாரம் கட்டுப் போட்டுப் பிரித்த பிறகு நோயாளி ஒன்றைப் புதிதாகப் பழக வேண்டும். பாதத்தை உள்ளே திருப்புவதாக மனதில் நினைக்க வேண்டும். அப்போது அது மேலே எழும்பும்.